நாள்பட்ட தயிரும் ஒரு சட்டி கடியும்

முதலில் பெயரைப் பற்றி ஒரு விளக்கம். 'கடி' என்று நான் இங்கே எழுதுவது நாய்க்கடி இல்லை. உங்கள் நண்பர் சொல்லும் மொக்கைப் பகிடியும் இல்லை. புளித்த தயிரில் கடலை மாவைக் கரைத்துக் காய்ச்சும் ஒரு குழம்பு அது. குஜராத், ராஜஸ்தான், பஞ்சாப் பக்கத்து வீடுகளில், நமக்குச் சொதி எப்படியோ அப்படி. அவர்கள் அந்த 'டி'யை மூச்சையும் சேர்த்து, நாக்கைச் சுழற்றிச் சொல்வார்கள். தமிழில் அதற்கு எழுத்து இல்லை. ஆகவே 'கடி' என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வளர்ந்தது லண்டனின் வடமேற்கில், வெம்பிளிப் பக்கம். அங்கே ஈலிங் ரோட்டில் நடந்திருந்தால் உங்களுக்குத் தெரியும், ஒரு கடையில் நம் முருங்கைக்காய் தொங்கும், அடுத்த கடையில் குஜராத்திக்காரர் ஃபாஃப்டா பொரிப்பார். எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவர் ஒரு குஜராத்தி அம்மா. நாங்கள் அவரைப் 'பா' என்போம். குஜராத்தியில் பா என்றால் அம்மா, பெரியவர்களுக்கு அதுவே பாட்டி. 1972இல் இடி அமீன் உகண்டாவில் இருந்த ஆசியர்களை 90 நாட்களுக்குள் வெளியேறச் சொன்னபோது கம்பாலாவில் இருந்து வந்தவர். என் அப்பாவும் அம்மாவும் 1983க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள். அம்மாவுக்குக் குஜராத்தி தெரியாது, பாவுக்குத் தமிழ் தெரியாது, இருவரின் ஆங்கிலமும் அரைகுறை. ஆனால் அம்மா மாலை வேலைக்குப் போன ஏழு வருடமும் பள்ளி விட்டதும் நான் போனது பா வீட்டுக்குத்தான். அங்கே கிச்சடியும் கடியும் சாப்பிட்டுத்தான் வீட்டுப்பாடம் செய்தேன்.

போன குளிர்காலம் பா வாசற்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். சத்திரசிகிச்சை நடந்தது. ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மகன் வேறு ஊரில் இருக்கிறார், வார இறுதியில்தான் வர முடியும். நான் பெரும்பாலும் வீட்டில் இருந்து வேலை செய்பவன். ஆகவே அம்மாவும் நானும் முறை வைத்துப் போய்ப் பார்த்துக்கொண்டோம்.

பிரச்சினை சாப்பாடு. வந்து மூன்று நாளும் தேத்தண்ணியும் பிஸ்கட்டும்தான். அம்மா இடியப்பமும் சொதியும் கொண்டுபோய்க் கொடுத்தார். மரியாதைக்கு இரண்டு வாய் சாப்பிட்டு மூடி வைத்துவிட்டார். எலும்பு பொருந்துவதற்குச் சாப்பிட வேண்டும் என்று வீட்டுக்கு வந்த தாதி சொல்லிவிட்டுப் போனார். என்ன வேண்டும் என்று கேட்டேன். "கடி இருந்தால் சோறு இறங்கும், பேட்டா," என்றார். கடிக்கு அடுப்பு முன்னால் பத்து நிமிடம் விடாமல் நின்று கிளற வேண்டும். அவரால் அப்போது இரண்டு நிமிடம்கூட நிற்க முடியாது.

"நான் செய்கிறேன்," என்றேன். எஞ்சினியரிங்கில் மாஸ்டர்ஸ் படித்தவன், ஒரு குழம்பு காய்ச்ச முடியாதா என்ற நினைப்பு.

குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் விழுவதற்கு முதல் நாள் அவர் உறைய வைத்த தயிர் பெரிய சட்டியில் பாதி இருந்தது. மேலே இரண்டு விரல் அளவுக்கு மஞ்சள் தண்ணீர் நின்றது. நுனி விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், தாடை கூசியது. ஊற்றிவிட்டுக் கடையில் புதிது வாங்கலாம் என்று தொட்டிக்குக் கொண்டுபோனேன். கதிரையில் இருந்து ஒரு சத்தம் வந்தது. இடுப்பு முறிந்தவர் அப்படிக் கத்துவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அதை எறியாதே! அதுதான் கடித் தயிர்!"

சட்டியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். மேலே பூஞ்சணம் இருக்கிறதா, இளஞ்சிவப்பாகவோ செம்மஞ்சளாகவோ எங்காவது திட்டு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பினார். பிறகு முகர்ந்தார். கள் மாதிரி வாடை அடித்தாலும், நாக்கில் சுள்ளென்று நுரைத்தாலும், கசந்தாலும் அது கெட்டது, கொட்டிவிட வேண்டும் என்றார். வெறும் புளிப்பு என்றால் அது கெட்டதல்ல. பாலில் உள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் தின்று லாக்டிக் அமிலம் ஆக்கிக்கொண்டே இருக்கின்றன. குளிரில் மெதுவாக, ஆனால் நிற்காமல். இத்தனை நாளில் அமிலம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த தடவை பால் உறைய வைக்க ஒரு கரண்டி எடுத்துத் தனியே மூடி வைக்கச் சொன்னார். மிச்சத்தை என்னிடம் தந்தார்.

நான் செய்ததைச் சொல்கிறேன், அப்படிச் செய்யாதீர்கள். ஒரு கோப்பைத் தயிரைச் சட்டியில் ஊற்றி அடுப்பை மூட்டினேன். தண்ணீர் விட்டேன். உப்புப் போட்டேன். கொதி வரும் நேரத்தில், குழம்பு தடிக்கத்தானே மா என்று நினைத்து, கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். அதற்கு முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது. சட்டி முழுக்க வெள்ளை மணல் மாதிரித் துகள், சுற்றிலும் மங்கிய பச்சைத் தண்ணீர். மா போய்ச் சேர்ந்ததும் அந்தத் தண்ணீர் தடித்தது. துகள் துகளாகவே இருந்தது.

பா எட்டிப் பார்த்தார். "ஃபாட்டி கயீ," என்றார்.

'பாட்டி' என்கிறாரே, யாரைச் சொல்கிறார் என்று ஒரு கணம் விழித்தேன். குஜராத்தியில் அதற்குக் கிழிந்துபோய்விட்டது என்று அர்த்தம். நாம் பால் திரைந்துவிட்டது என்கிறோம், தமிழ்நாட்டில் திரிந்துவிட்டது என்பார்கள், அவர்களுக்குப் பால் கிழிகிறது. அந்தச் சொல்தான் உண்மைக்கு மிகக் கிட்ட இருக்கிறது என்று பிறகு புரிந்தது.

தயிர் என்பது என்ன? பாலில் கேசீன் என்ற புரதம் மிகச் சிறிய உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வொன்றிலும் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக நிற்கும். அமிலம் கூடக் கூட அந்த மின்னூட்டம் குறைகிறது. pH 4.6க்குக் கிட்ட வரும்போது தள்ளும் விசை இல்லாமல் போய், உருண்டைகள் கைகோத்து ஒரு வலை பின்னுகின்றன. வலையின் கண்களுக்குள் தண்ணீர் சிக்கியிருக்கும். அதுதான் தயிர்.

இந்த வலையைச் சூடாக்கினால் அது இறுகிச் சுருங்கும். ஈரத்துணியைப் பிழிவதுபோல உள்ளே இருந்த தண்ணீரைப் பிழிந்து தள்ளும். வலை அங்கங்கே அறுந்து, அறுந்த துண்டுகள் ஒவ்வொன்றும் ஒரு மணல் துகளாக உருளும். கிழிந்தது என்று பா சொன்னது இதைத்தான். நாள்பட்ட தயிரில் இந்தச் சுருக்கம் அடுப்பில் வைக்கும் முன்னரே தொடங்கியிருக்கிறது. மேலே நின்ற இரண்டு விரல் மஞ்சள் தண்ணீர் அதன் அடையாளம். புதுத் தயிர் சூட்டில் கிழியும் என்றால், இந்தத் தயிர் ஏற்கெனவே பாதி கிழிந்துதான் அடுப்புக்கு வருகிறது.

அப்படியானால் கடலை மா என்ன செய்கிறது? இங்கே நான் ஒன்றைத் தப்பாக நினைத்திருந்தேன். மா புளிப்பை எடுத்துவிடும், புளிப்புப் போனால் திரையாது என்று எண்ணியிருந்தேன். மா புளிப்பைத் தொடுவதே இல்லை. கடலை மாவில் பாதிக்குக் கிட்ட மாப்பொருள். அது குளிர்ந்த நீரில் சும்மா கிடக்கும் குறுமணிகள். ஏறத்தாழ 65 முதல் 75 பாகை செல்சியஸுக்குள் அந்த மணிகள் தண்ணீரைக் குடித்து ஊதுகின்றன, உள்ளிருக்கும் மாப்பொருள் வெளியே கசிந்து சுற்றியுள்ள தண்ணீரைத் தடிக்க வைக்கிறது. தடித்த தண்ணீரில் புரதத் துண்டுகள் ஓடிப்போய் ஒன்றோடொன்று ஒட்ட முடியாது. சன நெரிசலில் உங்கள் நண்பரைத் தேடிப் போவது மாதிரி, இடையில் ஆட்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். துண்டுகள் பெரிதாகாவிட்டால் நாக்குக்கு மணல் தெரியாது, குழம்பு வழுவழுவென்று இருக்கும்.

ஆக, நெரிசல் முதலில் வர வேண்டும், புரதம் பிறகு சூடாக வேண்டும். நான் வரிசையை மாற்றிவிட்டேன். திரைந்த பிறகு மா போட்டால் உடைந்த துகள்களைச் சுற்றி நல்ல தடித்த குழம்பு கிடைக்கும், அவ்வளவுதான். வலையை அது திரும்பப் பின்னாது.

அன்று இரவு பா பிஸ்கட்டோடு படுத்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை, சனிக்கிழமை, இறைச்சிக்கு வைக்கும் வெப்பமானியையும் மூன்று சின்னச் சட்டிகளையும் தூக்கிக்கொண்டு போனேன். கணினியில் ஒரு கோளாறு வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம் அல்லவா, அதே வேலை. ஒவ்வொரு சட்டியிலும் 100 கிராம் அதே தயிர், 200 மில்லிலீற்றர் தண்ணீர், ஒரே அளவு நெருப்பு.

முதலாவதில் மா இல்லை, ஆனால் விடாமல் கிளறினேன். வெப்பமானி 70ஐத் தொடுமுன்னரே கரண்டியின் பின்புறத்தில் பொடிப்பொடியாகத் தெரிந்தது. கொதித்தபோது நேற்றைய கதைதான். கிளறுவது மட்டும் காப்பாற்றாது என்று தெரிந்தது.

இரண்டாவதில் ஒரு மட்டமான மேசைக்கரண்டி மாவைக் குளிரிலேயே நன்றாகக் கரைத்தேன், ஆனால் கிளறாமல் விட்டேன். இதுதான் எனக்குப் பாடம். மேலே மணல் மிதந்தது, அடியில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டு தீய்ந்த வாடை வந்தது. ஊதுவதற்கு முன் மா வெறும் தூள், தண்ணீரைவிடக் கனமானது, கீழே போய்ப் படிந்துவிடும். காவலுக்கு வந்தவர்கள் எல்லோரும் நிலவறையில் தூங்கினால் மேல் மாடியை யார் பார்ப்பது?

மூன்றாவதில் அதே அளவு மா, குளிரில் கரைத்து, அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கிளறினேன். எழுபதைத் தாண்டியதும் கரண்டிக்குக் கனம் தெரிந்தது. கொதித்து நுரைத்து எழும்பியது. ஒரு துகள்கூட இல்லை. கிளறுவதை நிறுத்திப் பார்த்தேன், அப்போதும் இல்லை. மா ஊதிய பிறகு அது படியாது, தண்ணீரோடு ஒன்றாகிவிடுகிறது. ஆகவே கிளறல் தேவைப்படுவது அடுப்பு மூட்டியதில் இருந்து முதல் கொதி வரைக்கும்தான்.

பாவிடம் இதை விளக்கினேன். சட்டிகளைக் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முதல் கொதி வரைக்கும் கையை எடுக்காதே என்று என் அம்மா சொல்வா. அதைத்தானே சொல்கிறாய்?" என்றார்.

அதன் பிறகு செய்த கடியின் கணக்கு இது. இரண்டு பேருக்கு இரண்டு வேளைக்குப் போதும்.

தயிர் ஒரு கோப்பை, அதாவது 250 கிராம். தண்ணீர் இரண்டு கோப்பை. கடலை மா மட்டமாக இரண்டு மேசைக்கரண்டி. கடையில் 'கிராம் ஃப்ளவர்' அல்லது 'பேசன்' என்று இருக்கும். மாவை முதலில் அரித்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரத்தில் மாவோடு இரண்டு மூன்று கரண்டித் தயிரை மட்டும் விட்டுக் களி மாதிரிக் குழையுங்கள். தடிப்பாக இருக்கும்போதுதான் கட்டிகள் கரண்டிக்கு அகப்பட்டு உடையும். எல்லாத் தண்ணீரையும் ஒன்றாக ஊற்றினால் கட்டிகள் தப்பி மிதக்கும். பிறகு மிச்சத் தயிர், அடித்துக் கலக்கிய பின் தண்ணீர். எல்லாம் குளிர்ந்தபடியே.

இந்தக் கட்டம் முழுவதையும் பா கதிரையில் இருந்தபடியே மடியில் பாத்திரத்தை வைத்துச் செய்தார். அடுப்படி வேலைதான் எனக்கு.

அதிலேயே இடித்த இஞ்சியும் பச்சை மிளகாயும், ஒரு நெட்டுக் கறிவேப்பிலை, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை. நான் சொல்வது நம் சர்க்கரை, தமிழ்நாட்டில் வெல்லம் என்பது. குஜராத்திக் கடி கொஞ்சம் இனிக்கும். மஞ்சள் போட மாட்டார்கள், வெள்ளையாகவே இருக்க வேண்டும். நடுத்தர நெருப்பில் வைத்து அடியைத் தொட்டுக் கிளறினால் எட்டுப் பத்து நிமிடத்தில் கொதி வரும். வரும்போது பால் மாதிரிச் சட்டென்று பொங்கும். அந்த நேரம் கைபேசியைப் பார்த்தால் அடுப்பைக் கழுவ வேண்டியதுதான். நெருப்பைக் குறைத்து, அப்போது உப்பைப் போட்டு, இன்னும் 15 அல்லது 20 நிமிடம் மெதுவாகக் கொதிக்க விடுங்கள். தடித்துவிட்டதே என்று முன்னதாக இறக்கக் கூடாது. பச்சைக் கடலை வாடை போய், வெந்த பருப்பின் வாசம் வரும்வரை விட வேண்டும். மூக்கு சொல்லும்.

கடைசியில் தாளிதம். ஒரு மேசைக்கரண்டி நெய்யில் கடுகு, நற்சீரகம், கால் தேக்கரண்டி வெந்தயம், இரண்டு கராம்பு, ஒரு சிறு துண்டு கறுவா, ஒரு செத்தல் மிளகாய், ஒரு சிட்டிகை பெருங்காயம். சுடச்சுடக் கடியில் கொட்டி மூடிவிடுங்கள்.

அன்று பகல் பா சோற்றில் கடி விட்டுக் கரைத்து இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். நான் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடித்து, கரண்டியின் பின்புறத்தை வழித்துப் பார்த்தார். "கொஞ்சம் தடிப்பு. பஞ்சாபிக்காரர் கடி மாதிரி," என்றார். பஞ்சாப்பில் இதே தயிருக்கு ஏறத்தாழ இரட்டிப்பு மா போட்டு, மஞ்சள் சேர்த்து, ஒரு மணி நேரம்வரை காய்ச்சி, பகோடாவை அதில் ஊற விடுவார்கள். சுவையான சாப்பாடு. ஆனால் ஒரு குஜராத்திப் பாட்டி சொல்லும்போது அது பாராட்டு இல்லை.

வெற்றி தலைக்கேறி, அடுத்த வாரம் என் வீட்டில் தனியாகச் செய்தேன். மிச்சம் இருந்த தயிர் இன்னும் புளித்திருந்தது. புளிப்பைக் குறைக்கத் தண்ணீரை இரண்டு கோப்பையில் இருந்து நான்கு கோப்பை ஆக்கினேன். மா அதே இரண்டு கரண்டி. குளிரில் கரைத்தேன், விடாமல் கிளறினேன், எல்லாம் சரி. ஆனாலும் லேசாக மணல் தட்டியது, பத்து நிமிடம் வைத்ததும் மேலே தண்ணீர் தனியாகப் பிரிந்தது.

பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். கேட்டதும் ஒரே கேள்வி: "தண்ணீரைக் கூட்டினாயே, மாவைக் கூட்டினாயா?"

நான் மாவைத் தயிருக்கு அளந்திருந்தேன். மா தடிக்க வைப்பது தண்ணீரை, ஆகவே அதைச் சட்டியில் இருக்கும் மொத்தத் திரவத்துக்கு அளக்க வேண்டும். தயிரும் தண்ணீருமாக மூன்று கோப்பைக்கு இரண்டு மேசைக்கரண்டி. அதற்கு மேல் விடும் ஒவ்வொரு கோப்பைக்கும் முக்கால் கரண்டியாவது கூட்ட வேண்டும். நெரிசலில் பாதிப் பேரை வெளியே அனுப்பினால் நண்பர்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துவிடுவார்கள்.

புளிப்பு வேறு, திரைதல் வேறு. இதை நான் மனத்தில் பிரித்து வைத்த பிறகு குழப்பம் இல்லை. திரைதலுக்கு மருந்து மாவும் கிளறலும். புளிப்புக்கு வேறு மூன்று வழி. ஒன்று, மேலே நிற்கும் மஞ்சள் தண்ணீரை வடித்துவிட்டு அதே அளவு நல்ல தண்ணீர் விடுவது. அமிலம் அந்தத் தண்ணீரில் கரைந்துதான் இருக்கிறது, ஒரு பங்கு அதோடு போகும். இரண்டு, தண்ணீரைக் கூட்டி, மாவையும் கூட்டுவது. மூன்று, இன்னும் கொஞ்சம் சர்க்கரை. சர்க்கரை அமிலத்தைக் குறைக்காது, நாக்குக்குச் சமாதானம் சொல்லும்.

செய்யக் கூடாதவை இரண்டு. கொதிக்கும் புளிப்புக் கடியில் பாலை ஊற்றாதீர்கள். அந்தப் பால் அங்கேயே திரைந்து, புதிய மணல் சேரும். அப்பச்சோடாவும் போடாதீர்கள். அது அமிலத்தைக் கொல்லும்தான், ஆனால் பொங்கி வழிந்து, கொஞ்சம் கூடினாலும் சவர்க்கார ருசி வரும். புளிப்பே இல்லாத கடிக்குத் தாளித்த மாக்கஞ்சி என்று பெயர்.

உங்களில் பலருக்குப் பிரச்சினை மறுபக்கமாக இருக்கும். சூப்பர்மார்க்கட் யோகட்டில் புளிப்பே இராது. உயிருள்ள நுண்ணுயிர்கள் இருப்பதாகப் போட்டிருக்கும், கொழுப்பு எடுக்காத சாதா யோகட்டை வாங்கி, ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே வைத்தால் புளிக்கத் தொடங்கும். கொழுப்பு எடுத்தது சீக்கிரம் திரையும், கடிக்கு வேண்டாம்.

என் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. "சொதிக்குத் தேசிக்காய்ப் புளியை எப்ப விடுறது? இறக்கினாப் பிறகுதானே, தம்பி. கொதிக்கேக்க விட்டால் திரைஞ்சு போகும்." என்னோடு வேலை செய்யும் மதுரைக்கார நண்பன் வீட்டு மோர்க்குழம்பிலும் இதே கதை. ஊறவைத்த துவரம்பருப்பையும் அரிசியையும் தேங்காயோடு அரைத்து மோரில் கரைப்பார்கள். கடலை மாவின் வேலையை அந்த அரிசியும் பருப்பும் செய்கின்றன. ஆனாலும் அவர்கள் நுரை கூடி வந்ததும் இறக்கிவிடுவார்கள். சொதியில் சூடு தணிந்த பிறகு புளி, மோர்க்குழம்பில் சூடு ஏறிய கையோடு இறக்கம். கடி மட்டும் நல்ல புளித்த தயிரை எடுத்து, அரை மணி நேரம் கொதிக்கவும் விடுகிறது. அந்தத் துணிச்சலைக் கொடுப்பது அந்த இரண்டு கரண்டி மாதான்.

பாவுக்கு வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் முதல் வாரம் இரண்டு நிமிடம் நிற்கச் சொன்னார், பிறகு நான்கு. குசினி மேடையைப் பிடித்தபடி நிற்க வேண்டும். சும்மா நிற்கப் பாவுக்குப் பொறுமை இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் கடி வைத்தோம். நான் கிளறத் தொடங்குவேன், கடைசி இரண்டு நிமிடத்துக்கு அவர் எழுந்து வந்து அகப்பையை வாங்குவார். அடுத்த ஞாயிறு கடைசி நான்கு நிமிடம். அதற்கடுத்தது பாதி.

ஏழாவது ஞாயிறு நான் போனபோது அவர் ஏற்கெனவே சட்டியைக் கழுவி வைத்திருந்தார். இடது கை மேடையில், வலது கையில் அகப்பை. கிட்டப் போனேன், கண்ணாலேயே தள்ளி நிற்கச் சொன்னார். நான் கதிரையில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்பது நிமிடம் கழித்துக் கடி பொங்கியது. அவர் நெருப்பைக் குறைத்தார், உப்பைப் போட்டார், கரண்டியைத் தூக்கி அதன் பின்புறத்தை வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஃபாட்டி நதி," என்றார். கிழியவில்லை.

பிறகு மெதுவாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, தாளிதத்தை என்னைப் போடச் சொன்னார்.